ஒன்று புள்ளி எட்டிலிருந்து ஒன்று வரை

கணியம்பாடியிலிருந்து வேலூருக்கு ஒரு பஸ், வேலூரிலிருந்து ஆம்பூருக்கு இன்னொரு பஸ். இப்படி மாறி மாறி ஏறி இறங்கியே எழிலரசி கடந்த தூரத்தைக் கூட்டினால் இத்தாலிக்கே போய்விட்டுத் திரும்பி வந்திருக்கலாம். போகவில்லை. இத்தாலிதான் அவளைத் தேடி வந்தது, கம்ப்யூட்டர் வழியாக, எழுத்துப் பிழைகளோடு.

அவள் வேலை பார்த்தது ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஒரு சின்னத் தோல் ஃபினிஷிங் கம்பெனியில். முதலாளி தௌசீப் அகமது. பதப்படுத்தி நீலம் பாய்ந்த ஈரத்தோலை, 'வெட் ப்ளூ' என்பார்கள், வாங்கிவந்து, வேண்டிய கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி, மெருகு கொடுத்து ஷூ கம்பெனிகளுக்கு அனுப்புவது தொழில். ஒரு காலத்தில் வாங்குகிறவர்கள் வரிசையில் நின்றார்கள் என்று தௌசீப் சொல்வார். எழிலரசி சேர்ந்தபோது வரிசை இல்லை. நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களும் ஒவ்வொருவராக நழுவி, கடைசியில் பிராங்கோ என்ற ஒரே ஒரு இத்தாலிக்காரர் மிச்சமிருந்தார். அவர் போனால் கம்பெனி கதவைச் சாத்த வேண்டியதுதான். இது வாட்ச்மேனுக்குத் தெரியும், கேண்டீன்காரருக்குத் தெரியும், கேண்டீன் வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும். பிராங்கோ ஆர்டர் வந்த வாரம்தான் அதற்கு முழு பன் கிடைக்கும்.

பிராங்கோவின் ஆர்டர்கள் மெயிலில் வரும். அந்த மனிதர் விரலால் தட்டுகிறாரா, இல்லை கீபோர்டின் மேல் மத்தியானத் தூக்கம் போடுகிறாரா என்று எழிலரசிக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது. கறுப்பு என்பதற்கு அவர் தட்டும் ஆங்கிலச் சொல்லில் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொள்ளும். தோல் என்ற சொல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு உறுப்பை இழந்து வரும். அவர் தன் பெயரையே ஒருமுறை தப்பாக அடித்திருந்தார். அன்றைக்கு அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவர்தான் என்று முடிவு செய்தாள்.

அந்த மெயிலைப் படித்து, ஆலையில் வேலை செய்பவர்களுக்குப் புரியும்படி ஜாப் கார்டு எழுதுவது அவள் பொறுப்பு. எந்தத் தோல், என்ன நிறம், என்ன கனம், எத்தனை சதுர அடி, எந்தத் தேதிக்கு. அட்டையில் இருப்பதுதான் மிஷினுக்கு வேதம். ஷேவிங் மிஷின் ஓட்டும் இருதயராஜ் அட்டையைப் பார்ப்பார், கத்தி உருளையின் இடைவெளியை அதற்குத் தகுந்தபடி வைப்பார், தோலை உள்ளே விடுவார். பிராங்கோ என்ன அடித்தார் என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

சேர்ந்த புதிதில் எழிலரசி எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டாள். நிறத்தின் பெயரில் ஒரு எழுத்து குறைந்தால் கேள்வி. ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து கூடினால் கேள்வி. பிராங்கோ பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு முதலாளிக்கு ஒரு மெயில் போட்டார். உங்கள் அலுவலகத்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்டிருந்தார். அதிலும் டீச்சர் என்ற சொல் தப்பாகத்தான் இருந்தது.

தௌசீப் அவளைக் கூப்பிட்டார். "எழில், அந்த ஆளு நமக்கு சோறு போட்றவரு. பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரி திருத்தி அனுப்புனா பேஜார் ஆவமாட்டாரா? இன்னா சொல்ல வர்றாருன்னு தெரியுதில்ல. அப்பறம் இன்னா."

"தெரியுது சார்."

"தெரிஞ்சா எழுதிக்கோ. கேக்காத."

அன்றிலிருந்து அவள் கேட்பதை விட்டுவிட்டுத் திருத்தக் கற்றுக்கொண்டாள். சும்மா இல்லை, அதற்கென்று மனசுக்குள் ஒரு ஜல்லடை வைத்துக்கொண்டாள். தப்பை எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரே ஒரு அர்த்தம்தான் வருகிறதா? வந்தால் வாயை மூடிக்கொண்டு திருத்திவிடலாம். கனத்தைச் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்குச் சொல்வதுதான் வழக்கம். அவர் தலைகீழாக ஒன்றிலிருந்து புள்ளி எட்டு மில்லிமீட்டர் என்று எழுதினால், புரட்டிப் போட்டால் போயிற்று. புள்ளிக்குப் பதில் கமா இருந்தால், அது அவர்கள் ஊர் வழக்கம், தப்பே இல்லை. ஒருமுறை சரக்கு செப்டம்பர் முப்பத்தொன்றாம் தேதிக்குள் வேண்டும் என்று வந்தது. அப்படி ஒரு தேதியை ஆண்டவன் படைக்கவில்லை. முப்பதா, அக்டோபர் ஒன்றா? இரண்டு அர்த்தம் உண்டுதான். ஆனால் முப்பதுக்கு முடித்துவிட்டால் எதுவாக இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. முப்பது என்று எழுதினாள். சரக்கு போனது, ஒரு முணுமுணுப்பும் வரவில்லை.

இப்படி வருஷக்கணக்கில். பிராங்கோ என்ன தட்டினாலும் சரியான தோல் கப்பலேறியது. அதனால் பிராங்கோவுக்குத் தன் கைமேல் அபார நம்பிக்கை வந்துவிட்டது. முன்பு ஒருமுறையாவது திரும்பப் படித்துக்கொண்டிருந்தவர், அதையும் விட்டுவிட்டார். அவள் எவ்வளவு சுத்தமாகத் திருத்தினாளோ அவ்வளவு அசுத்தமாக அவர் எழுதினார். இது எழிலரசிக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியபோது விளங்கி என்ன பயன்.

அந்த ஆகஸ்டில் ஒரு ஆர்டர் வந்தது. கம்பெனியின் மொத்த மூச்சும் அதில்தான். தௌசீப் இருந்ததையெல்லாம் போட்டு முன்கூட்டியே வெட் ப்ளூ வாங்கி அடுக்கி வைத்திருந்தார். நல்ல கனமான தோல். கனமாகவும் பயன்படுத்தலாம், மெலிசாக வேண்டுமென்றால் மிஷினில் இரண்டாகப் பிளந்து மேல்பக்கத்தைச் சீவி எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஆகும் சரக்கு.

மெயிலில் வழக்கம்போல எல்லாம் இருந்தது. உறுப்பிழந்த சொற்கள், இடம் மாறிய எழுத்துகள். எழிலரசி ஒரு கையில் டீயோடு திருத்திக்கொண்டே வந்தாள். கனம் என்ற இடத்துக்கு வந்ததும் டீயைக் கீழே வைத்தாள்.

ஒன்று புள்ளி எட்டிலிருந்து ஒன்று புள்ளி பூஜ்யம் வரை.

தப்பு என்பதில் சந்தேகமில்லை. ஒன்று முதல் ஒன்று புள்ளி எட்டு வரை என்று புரட்டினால் அது ஒரு கனமே இல்லை, அவ்வளவு அகலத்தில் எந்த ஷூக்காரனும் தோல் கேட்க மாட்டான். புள்ளி இரண்டு வித்தியாசம்தான் எப்போதும். அப்படியானால் ஒரு இலக்கம் தவறியிருக்கிறது. முதல் ஒன்று பூஜ்யமாக இருக்க வேண்டுமென்றால், புள்ளி எட்டிலிருந்து ஒன்று. பெண்கள் ஷூவுக்கான மெல்லிய தோல், இத்தனை வருஷமாக அவர் வாங்குவது. இரண்டாவது ஒன்று இரண்டாக இருக்க வேண்டுமென்றால், ஒன்று புள்ளி எட்டிலிருந்து இரண்டு. உள்துணி போடாத பூட்ஸுக்கான கனத்த தோல். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட வாங்காதது.

வாங்காததுதான். ஆனால் பங்குனி வெயிலில் பிராங்கோ ஆம்பூர் வந்திருந்தபோது, ஒரு கனத்த சாம்பிளை மடித்து மடித்துப் பார்த்தபடி, அடுத்த முறை பூட்ஸ் செய்யலாமா என்று யோசிக்கிறேன் என்று சொன்னார். டீ கொண்டுபோய்க் கொடுத்த எழிலரசியின் காதில் அது விழுந்தது. தௌசீப் அப்போது ஃபோனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

அவளுடைய ஜல்லடையில் அது நிற்கவுமில்லை, கீழே விழவுமில்லை. தப்பு ஒன்று, அர்த்தம் இரண்டு. எந்தப் பக்கம் போனாலும் திரும்பி வர வழியில்லாத இரண்டு. சீவின தோலை ஒட்ட வைக்கும் மிஷினை இன்னும் எந்தத் தேசத்திலும் கண்டுபிடிக்கவில்லை.

பல வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக பிராங்கோவுக்குக் கேள்வி அனுப்பினாள். தெளிவாகத்தான் கேட்டாள். கனம் புள்ளி எட்டிலிருந்து ஒன்றா, அல்லது ஒன்று புள்ளி எட்டிலிருந்து இரண்டா?

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. "ஆமாம், சரி."

எழிலரசி அதைப் பத்து தடவை படித்தாள். பத்து தடவையும் அது ஆமாம், சரி என்றே இருந்தது.

எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். தௌசீப் ஸ்க்ரீனைப் பார்த்தார். "சரின்னு சொல்ட்டாரு. அப்பறம் இன்னா?"

"எது சரின்னு சொல்லல சார். ரெண்டுல எதுன்னு கேட்டேன். ஆமாங்கறாரு."

"கடலோரமா படுத்துக்கினு ஃபோன்ல பாத்திருப்பாரு. முதல் வரிய பாத்து போட்டிருப்பாரு. நீ முதல்ல எதை எழுதுன?"

"புள்ளி எட்டுலேர்ந்து ஒண்ணு."

"அப்ப அதான்."

"அவரு முதல் வரிய மட்டும் பாத்தாருன்னு நமக்கு எப்டி தெரியும் சார்?"

"இவ்ளோ வருசமா எதை வாங்குனாரு?"

"அதத்தான்."

"அப்பறம்?"

"பூட்ஸ் பண்ணலாமான்னு கேட்டாரு சார், இங்க வந்தப்ப."

தௌசீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாயில சொல்றதெல்லாம் ஆர்டரா எழில்? எங்க அண்ணன்கூட துபாய்ல கம்பெனி போடலாமான்னு இருபது வருசமா கேக்குறாரு."

அவள் இன்னொரு மெயில் போட்டாள். இந்த முறை ஆமாம் சொல்ல முடியாதபடி கேட்டாள். எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள், வேறொன்றும் வேண்டாம். உடனே பதில் வந்தது. மாத முடிவு வரை விடுமுறையில் இருக்கிறேன் என்று இயந்திரம் தானாக அனுப்பிய பதில் அது. அதில் ஒரு பிழையும் இல்லை. யாரோ தெரிந்தவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஃபோன் செய்தார்கள். தௌசீப்பே செய்தார். அந்த ஊர் மணி நம் ஊர் மணி போலில்லாமல் நீளமாக ஒருமுறை ஒலித்து, நெடுநேரம் யோசித்து, மறுபடி ஒலிக்கும். யாரும் எடுக்கவில்லை. ஆகஸ்டில் அந்த நாட்டில் கம்பெனி, ஆபீஸ் எல்லாம் பூட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார்கள் என்று தௌசீப் சொன்னார். அந்த நாட்டின் மீன்களுக்குக்கூட அந்த மாதம் நிற்க இடமிருக்காது போலிருக்கிறது என்று எழிலரசி நினைத்தாள். சிரிப்பு வரவில்லை.

மாத முடிவு வரை காத்திருக்கலாமா என்றால், கப்பல் தேதி காத்திருக்காது. சீவிய பிறகு சாயம், எண்ணெய், உலர்த்தல், மெருகு, சோதனை என்று வரிசையாக வேலை இருக்கிறது. அந்த மாதமே தோல் மிஷினுக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால், எந்தக் கனமானாலும் ஆர்டர் போய்விடும்.

எழிலரசி கார்டை எழுதினாள். கனம் என்ற கட்டத்தில் புள்ளி எட்டிலிருந்து ஒன்று என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். அதை எடுத்துக்கொண்டு ஷேவிங் பக்கம் போனாள். இருதயராஜ் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பேர்ணாம்பட்டுக்காரர். பேச ஆரம்பித்தால் மிஷினைவிட அதிகம் சீவுவார்.

"இன்னா மேடம், கார்டுல கொக்கி போட்டிருக்கே. இதுக்கு நான் எந்த நட்ட திருப்புறது?"

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். கெட்டியா வச்சு சீவிட்டு, அப்பறம் வேணும்னா மெலிசாக்க முடியுமா?"

"முடியும். ரெண்டு தடவ ஓட்டணும். மெலிசாக்கிட்டு கெட்டியா ஆக்க முடியுமான்னு மட்டும் கேக்காத. அது அந்தோணியார்கிட்ட கேக்கணும்."

"சாயம் போட்ட அப்பறம்?"

"காஞ்ச தோல அவ்ளோ தூரம் சீவுனா உள்ள வேற கலர் காட்டும். தோலோட கட்டும் விட்டுப்போவும். அது வேலயில்ல."

கெட்டியாக வைத்துச் சீவி, சாயம் ஏற்றுமுன் நிறுத்திவைப்பது. அவர் வந்து எண்ணைச் சொன்னதும் வேண்டுமானால் மெலிசாக்குவது. வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. முதலாளியிடம் சொன்னாள்.

தௌசீப் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் அன்று கோபம் இல்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டும். "நிறுத்தி வச்சா? சாயத்துக்கு மாசக் கடைசியில போனா முடியாதுன்னு நீயே சொல்ற. தோல நிறுத்தறதும் ஒண்ணுதான், கம்பெனி நிக்கறதும் ஒண்ணுதான். பாதி கெட்டி பாதி மெலிசுன்னு போட்டா, எதுவா இருந்தாலும் பாதி ஆர்டர் ரிஜெக்ட். பாதிய வச்சுக்கினு நான் பேங்குல இன்னா சொல்றது? இவ்ளோ வருசமா அவரு எதை வாங்குனாரோ அதைப் போடு. பத்துக்கு ஒம்போது அதான்."

"பத்தாவது இருந்தா சார்?"

"இருந்தா இருக்கட்டும்மா." பிறகு கார்டை அவள் பக்கம் தள்ளினார். "கேள்விக்குறிய அழிச்சுடு. கேள்விக்குறி வச்சுக்கினு மிஷின் ஓடாது."

அவள் அழித்தாள். அவளுடைய கையால், அவளுடைய ரப்பரால். பிறகு கார்டு பார்க்க எப்போதும் போலச் சுத்தமாக இருந்தது. பிராங்கோவின் ஒன்று பூஜ்யமாகிவிட்டது. இதற்கு முன் எத்தனையோ தடவை செய்ததுபோலத்தான், சத்தமில்லாமல்.

இருதயராஜ் கார்டை வாங்கிப் பார்த்தார். "கொக்கி போச்சா?"

"போச்சுண்ணா."

"கேட்டாங்களா?"

"சார் சொல்ட்டாரு."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நட்டைத் திருப்பினார். நீலத்தோல் ஒவ்வொன்றாக உள்ளே போய், மெலிந்து, மறுபக்கம் வந்தது. சீவல்கள் நீலப் பஞ்சாகக் குவிந்தன. அவ்வப்போது அவர் கனம் பார்க்கும் கருவியால் கடித்துப் பார்த்தார். கனம் துல்லியமாக இருந்தது. அவர் கையில் ஒருநாளும் தப்பு வந்ததில்லை, அன்றும் வரவில்லை.

எழிலரசி அன்று மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். நின்றுகொண்டிருக்கிறோம் என்பதே வேலூர் வந்துதான் அவளுக்கு உறைத்தது.

மாத முடிவில் பிராங்கோ கடலிலிருந்து ஏறி வந்தார். அதற்குள் தோல் சாயம் ஏறி, உலர்ந்து, கறுத்து, பட்டுப்போல மின்னியது. இதைவிட நல்ல மெல்லிய தோல் ஆம்பூரில் அந்த வருஷம் வேறெங்கும் ஆகவில்லை என்று இருதயராஜ் சொன்னார். அவர் சொன்னால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். இதில் கூட்டவில்லை.

சாம்பிள் கூரியரில் போனது. பதில் வந்தது. இதுதான் பிராங்கோ கனத்தை மட்டும் எழுதிய மெயில். ஒன்று புள்ளி எட்டிலிருந்து இரண்டு. அதன் கீழே, பூட்ஸ், என்று ஒரு சொல். அதில் எந்த எழுத்தும் இடம் மாறவில்லை.

எழிலரசி தன் முதல் கேள்வியையும் அவருடைய ஆமாமையும் சேர்த்து ஒட்டித் திருப்பி அனுப்பினாள். தௌசீப் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிராங்கோ வருத்தத்தோடுதான் எழுதினார். பொய் சொல்லவில்லை, தப்பிக்கவுமில்லை. கடலோரத்தில் அவசரமாகப் பார்த்தேன், என் ஆர்டர் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று சொல்கிறீர்கள் என்று நினைத்தேன், ஆமாம் என்றேன். எத்தனை வருஷமாக நான் எப்படி எழுதினாலும் உங்களுக்குப் புரிந்துவிடுகிறதே, இதுவும் புரியும் என்று இருந்துவிட்டேன். பூட்ஸ் கம்பெனிக்கு நான் தேதி சொல்லிவிட்டேன், பக்கத்து நாட்டில் ஒருவரிடம் அவசரமாக வாங்கிக்கொள்கிறேன். இந்த வருஷம் மெல்லிய தோல் யாரும் கேட்கவில்லை.

தௌசீப் அதை இரண்டு முறை படித்தார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், டேபிளின் மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடி திறந்து, குடிக்காமல் மூடிவைத்தார்.

"கேட்டதும் நீதான், அழிச்சதும் நீதான்" என்றார். குற்றம் சாட்டும் குரலில்லை. கூட்டல் போட்டுப் பார்க்கும் குரல். "அழிக்க சொன்னது நான். ஆமான்னு சொன்னது அவரு. மூணு பேரும் சேந்து பண்ணிட்டோம், போ."

"இன்னும் கொஞ்சம் வெட் ப்ளூ கிடைச்சா, கெட்டியா போட்டு..."

"எதை வச்சு வாங்கறது எழில்?"

அந்த வாரமே சாயப் பக்கம் டிரம்கள் சுற்றுவது நின்றது. அடுத்த வாரம் மெருகுப் பக்கம். வேலைக்காரர்களுக்குக் கணக்கு முடித்துக்கொடுக்க தௌசீப் தன் வண்டியை விற்றார் என்று சொன்னார்கள். விற்கவில்லை, பேங்க்காரர்களே எடுத்துக்கொண்டுபோனார்கள் என்றும் சொன்னார்கள். கேண்டீன் முதலில் மூடியது. நாய் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. இருதயராஜ் ராணிப்பேட்டையில் வேறொருவர் மிஷினுக்குப் போனார், தினக்கூலிக்கு. போகிற அன்று எழிலரசியிடம் வந்து, "நல்லா எழுது மேடம், எங்க போனாலும்" என்றார். அவள் தலையாட்டினாள். கிண்டலா இல்லையா என்று பார்க்க அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை.

கடைசியில் கம்பெனியில் மிஞ்சியது தௌசீப், வாட்ச்மேன், எழிலரசி, குடோன் நிறைய அந்தக் கறுத்த மெல்லிய தோல். சம்பளம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் கணக்கை முடிக்க ஒரு ஆள் வேண்டுமே என்று அவள் வந்துகொண்டிருந்தாள். ஷூவுக்கு உள்ளே ஒட்டும் லைனிங் தோல் வியாபாரி ஆபித் பாஷா மொத்தத்தையும் வந்த விலைக்கு எடுத்துக்கொள்வதாக முடிவானது. வந்த விலை என்றால் தௌசீப்புக்கு வந்தது இல்லை, ஆபித் பாஷாவுக்கு வசதியாக வந்தது.

லாரி எப்போது வரும் என்று ஆபித் பாஷா வாட்ஸ்அப்பில் தகவல் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றாம் தேதி காலையில் லாரி வரும், ஆள் வையுங்கள் என்று. எழிலரசி காலண்டரைப் பார்த்தாள். பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை. ஞாயிறு பத்து.

கிழமை தப்பா, தேதி தப்பா? தூக்கி ஏற்ற ஆள் வேண்டும், கதவைத் திறக்க வாட்ச்மேன் வேண்டும். அவள் மெசேஜ் போடவில்லை. நேராக ஃபோன் செய்தாள். இரண்டில் எது என்று கேட்டாள், ஆமாம் என்று சொல்ல இடம் வைக்காமல்.

ஆபித் பாஷா சிரித்தார். "இன்னாம்மா இதுக்கா ஃபோனு? எந்த நாளா இருந்தா இன்னா. அந்த சரக்க வேற யாரும் தூக்கிக்கினு போவப் போறதில்ல. லாரி எப்ப கிடைக்குதோ அப்ப வர்றேன்."

"ஆள் வைக்கணுமே பாய். எந்த நாளுன்னு சொல்லுங்க."

"நீங்க இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்."

"அது போதும்மா."

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். வாட்ச்மேன் கதவைத் திறந்துவைத்தான். லாரி வரவில்லை. திங்கட்கிழமையும் வந்து, குடோன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றும் உள்ளே திரும்பவில்லை.

லாரி செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கு அவளுக்குப் பஸ் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அவள் ஆம்பூர் வந்து சேர்ந்தபோது குடோன் காலியாக இருந்தது, தரை கூட்டியிருந்தது, தௌசீப் சாவியை வாட்ச்மேன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏத்திட்டாங்களா சார்?"

"ஏத்திட்டாங்க. நீ எதுக்கு இவ்ளோ தூரம் வந்த, எழில்?"

அவள் கதவுக்கு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பி நடந்தாள்.